புதுக்கவிதையில் கயிறும் வயிறும்

பாடசாலைக் கவிதைப் போட்டி ஒன்றில் பின் வரிசையில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து பிள்ளைகளை வரிசையாகக் கேட்டிருக்கிறீர்களா? ஒரு கட்டத்துக்கு மேல் காதில் ஒரே ஒரு சத்தம்தான் விழும். மோதுகிறது, மிதக்கிறது, உதிக்கிறது, தவிக்கிறது. கவிதை எதைப் பற்றியது என்பது மறந்துபோகும். அந்தக் 'கிறது' மட்டும் மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

தரம் ஒன்பதில் படிக்கும் என் மருமகள் சொந்தக் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கென்று எழுதிக் கொண்டுவந்த முதல் பிரதியும் இந்த வகைதான். விடுமுறையில் உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்துவிட்டு வந்து எழுதியிருந்தாள்.

அலை கரையில் மோதுகிறது
வலை கடலில் மிதக்கிறது
சூரியன் கிழக்கில் உதிக்கிறது
மீனவர் வாழ்க்கை தவிக்கிறது

"ரைமிங்கா இருக்கு, என்ன மாமி?" என்று கேட்டாள்.

இருக்கிறது. ஆனால் அந்த ஒலியொற்றுமை அவள் உண்டாக்கியது இல்லை. தமிழில் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது; காலமும், செய்வது யார் அல்லது எது என்பதும் வினையின் கடைசியில் ஒட்டுகின்றன. ஆகவே அலை, வலை என்று அஃறிணை ஒருமையை எழுவாயாக வைத்து நிகழ்காலத்தில் நான்கு வாக்கியம் எழுதினால், எதைப் பற்றி எழுதினாலும், நான்கும் 'கிறது' என்றுதான் முடியும். வானிலை அறிக்கையும் அப்படித்தான் முடிகிறது. வரியின் கடைசியில் ஒலி ஒத்து வருவதற்கு இயைபு என்று பெயர். அதை நன்றாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள், பாட்டில் அதற்கு ஒரு வேலையும் இருக்கிறது. மெட்டோடு வரும்போது அந்த வேலை நன்றாகவே நடக்கும். மெட்டு இல்லாமல் ஒப்புவிக்கிற கவிதையில் விகுதிக்கு விகுதி இயைவது கேட்பவரை எதுவும் செய்யாது, ஏனென்றால் விகுதியில் பொருள் இல்லை.

சொல்லின் பொருள் உட்கார்ந்திருப்பது முன்பக்கத்தில், வேர் இருக்கிற இடத்தில். நம் ஆட்கள் ஒலி பொருத்தும் இடத்தை வரியின் தலைக்குக் கொண்டுபோய், முதல் எழுத்தை விட்டு இரண்டாம் எழுத்தில் வைத்ததில் இருக்கிற கெட்டித்தனம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் எழுத்து ஒத்தால் மோனை. அதை விட்டு அடுத்தது ஒத்தால் எதுகை. எதுகையில் முதல் எழுத்து மாறுவதால் சொல் வேறாகிறது. இரண்டாம் எழுத்து மாறாததால் இரண்டு சொல்லும் கைகோத்து நிற்கின்றன. அப்படிக் கைகோப்பவை இரண்டு விகுதிகளாக இருப்பதில்லை, பெரும்பாலும் இரண்டு வேர்கள்.

இதை விளக்கத் திருகோணமலைப் பிள்ளைக்குப் பாடப்புத்தகம் தேவையில்லை. கோணேசர் கோயிலில் எத்தனையோ தரம் பாடிய சம்பந்தர் பதிகம் இருக்கிறது. "முதல் பாட்டைச் சொல்லு" என்றேன். ராகத்தோடு தொடங்கினாள். "ராகம் வேண்டாம், வெறுமனே சொல்லு."

நிரைகழல் அரவஞ் சிலம்பொலி அலம்பும் நிமலர்நீ றணிதிரு மேனி
வரைகெழு மகளோர் பாகமாப் புணர்ந்த வடிவினர் கொடியணி விடையர்
கரைகெழு சந்துங் காரகிற் பிளவும் அளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகட லோத நித்திலங் கொழிக்குங் கோணமா மலையமர்ந் தாரே

நிரை, வரை, கரை, குரை. நான்கு அடியிலும் இரண்டாம் எழுத்து ரை. சிறு வயதிலிருந்து பாடிக்கொண்டிருந்தவள் அன்றுதான் அதைக் கவனித்தாள். பாடும்போது கவனத்தில் படாமல் இருந்ததும் எதுகையின் ஒரு குணம்தான். அது தன்னைக் காட்டிக்கொள்ளாமல் ஒரு வேலை செய்கிறது: "இங்கே புது அடி தொடங்குகிறது" என்று காதுக்குச் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு அடியும் நீளம். எழுத்தில் பார்த்தால் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியும். கேட்பவருக்கு அந்த ரை வந்தால்தான் தெரியும்.

புதுக்கவிதைக்கு எதுகை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதிலிருந்துதான். புதுக்கவிதையில் வரியை உடைப்பது கவிஞரின் விருப்பம். கண்ணால் வாசிப்பவருக்கு அந்த உடைப்பு தெரியும். மேடையில் ஒரு பிள்ளை ஒப்புவிக்கும்போது கீழே இருப்பவர் கையில் தாள் கிடையாது. வரி எங்கே உடைகிறது என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. சீரும் தளையும் இல்லை, மெட்டும் இல்லை. அப்படியிருக்க, எதுகை ஒன்று இரண்டு இடத்தில் வந்து அடையாளம் வைத்தால் காது அதைப் பிடித்துக்கொள்ளும். வாசிப்பதற்கு மட்டும் எழுதுகிற புதுக்கவிதையில் எதுகை இல்லாமல் போனால் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சரி, அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பிடிபட்டதும் என்ன நடக்கும்? அடுத்த நாள் கொப்பியில் இப்படி இருந்தது:

கரையில் நுரை
திரையில் இரை
தரையில் உரை
விரையும் வரை

எதுகை தெரிந்த சந்தோஷத்தில் எல்லாரும் முதலில் எழுதுவது இதைத்தான். எழுத்தெண்ணிப் பார்த்தால் எல்லாம் சரி. ஆனால் தரையில் உரை என்றால் என்ன? அவளுக்கும் தெரியவில்லை. ரை என்று முடிகிற இரண்டெழுத்துச் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. அலை, வலை, மலை, தலை, விலை, உலை என்று லை வரிசை அதைவிட மலிவு. இந்தச் சின்னச் சொற்களில் இரண்டாம் எழுத்தே கடைசி எழுத்தாகவும் இருப்பதால், அவற்றை வரிக்கடைசியில் வைத்தால் எதுகை மறைந்து வெறும் இயைபுதான் கேட்கும். வீதியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போகிற விளம்பர வண்டியின் சத்தம்போல் ஆகிவிடும்.

அதனால் வேலை செய்யும் முறையை மாற்றினோம். சொல்லை முதலில் தேடாமல், கடற்கரையில் பார்த்ததைக் கதையாகச் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் வாயில் தானாக வந்த பொருள்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். கயிறு, மடி, சம்மாட்டி, காற்று, சூடை, நெத்தலி, பாரை, பங்கு, விடியற்காலை. கரைவலையை அறியாதவர்களுக்கு: நீளமான வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டு, அதன் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் கிட்டக் கிட்ட வரும். நடுவில் மீன் சேர்கிற பைதான் மடி. வலைக்கும் தோணிக்கும் சொந்தக்காரர் சம்மாட்டி.

பிறகு அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்கும் எதுகை தேடச் சொன்னேன், ஒரு நிபந்தனையோடு. கிடைக்கிற சொல்லும் அந்தக் கடற்கரையிலோ அந்த வீட்டிலோ இருக்கிற பொருளாக இருக்க வேண்டும். சம்மாட்டிக்கு ஒன்றும் அகப்படவில்லை, விட்டுவிட்டோம். கயிற்றுக்குத் தயிர், பயிர், உயிர், வயிறு என்று வந்தது. தயிரும் பயிரும் தம்பலகாமத்துக்குப் பொருந்தும், இங்கே வேண்டாம். உயிர் நல்ல சொல்தான், ஆனால் போட்டிக் கவிதைகளில் உயிர் ஏற்கெனவே நிறையப் போய்க்கொண்டிருக்கிறது. வயிறு நின்றது. இரண்டு கயிறு, வீட்டில் எத்தனையோ வயிறு. கவிதை அந்த இடத்தில்தான் பிறந்தது. இரண்டு சொல்லும் ஒலியால் பக்கத்தில் வந்த பிறகுதான் அவற்றுக்கிடையே இருக்கிற சங்கதி அவளுக்குத் தெரிந்தது. 'மீனவர் வாழ்க்கை தவிக்கிறது' என்று சொல்ல நினைத்ததை இனிச் சொல்லத் தேவையில்லை.

இனி, எழுத்தில் சரியாக இருந்தும் காதில் விழாமல் போன இரண்டு இடங்களைச் சொல்ல வேண்டும். எதுகை எழுதுகிற பிள்ளைகள் வழுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டில்தான்.

ஒன்று, அவள் எழுதியிருந்த இந்த வரிகள்:

காற்று மாறி அடிக்கச்
சுற்றி வருகிறது தோணி

காற்று, சுற்றி. இரண்டாம் எழுத்து இரண்டிலும் ற். "இது எதுகைதானே, ஏன் மாமி ஒட்டேல்லை?" என்று அவளே கேட்டாள். அவள் காது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கா நெடில், இரண்டு மாத்திரை. சு குறில், ஒரு மாத்திரை. எதுகையில் முதல் எழுத்து மாறலாம், அதன் அளவு மாறக்கூடாது. குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில். குறளில் 'கற்க' என்று தொடங்கிய அடிக்கு அடுத்த அடி 'நிற்க' என்று வருவதைப் பாருங்கள்: க, நி இரண்டும் குறில். காரணம் இலக்கண நூலில் இருப்பதற்கு முன்பே காதில் இருக்கிறது. அந்த ற் எந்த நேரத்தில் வந்து விழுகிறது என்பதை முதல் எழுத்தின் நீளம்தான் முடிவு செய்கிறது. காற்று என்பதில் அது தாமதமாக வருகிறது, சுற்றி என்பதில் சட்டென்று வந்துவிடுகிறது. ஒரே எழுத்து வேறு நேரத்தில் வந்தால் காது அதை ஒரே எழுத்தாக எண்ணுவதில்லை. காற்றுக்கு நேற்று, சோற்றுப் பானை, ஊற்று. சுற்றிக்கு நெற்றி, பற்றி, வற்றி. தோணியைக் கைவிட்டு நேற்றை எடுத்துக்கொண்டாள்.

இந்த ற்ற விஷயத்தில் ஈழத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. நம் பேச்சில் காற்றும் நேற்றும் ற்ற மாறாமல்தான் வருகின்றன. 'பார்த்து' என்பதன் த்தவோடு கலப்பதில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துக் காத்து, நேத்து என்று சொல்லப் பழகிய பிள்ளைகள் மேடையிலும் அப்படியே சொன்னால், எதுகை கெடாது, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே மாறுகின்றன. ஆனால் உச்சரிப்புப் புள்ளி போய்விடும்.

இரண்டாவது இடம்:

கடல் நடுவே
வட்டம் போட்ட வலை

கடல், வட்டம். இரண்டிலும் ட தெரிகிறது. க, வ இரண்டும் குறில். ஆனாலும் ஒட்டவில்லை. காரணம், கடலில் இரண்டாம் எழுத்து ட, உயிர்மெய். வட்டத்தில் இரண்டாம் எழுத்து ட், மெய். எழுத்துருவில் ஒரு புள்ளிதான் வித்தியாசம். ஒலியிலோ இரண்டும் வெவ்வேறு. தனியாக நடுவில் வரும் ட மெலிந்து ஒலிக்கும். இரட்டித்தால் வன்மையாக அழுத்தி வரும். வாயைத் திறந்து கடல், வட்டம் என்று சொல்லிப் பாருங்கள், நாக்கே சொல்லும். க, ச, த, ப எல்லாவற்றுக்கும் இதே கதைதான்: பகல், பக்கம், கதை, கத்தி. தாளில் எழுத்தைப் பார்த்து எதுகை பிடிக்கிறவர்கள் இதில் ஏமாறுவார்கள். கடலுக்கு உடல், இடம், திடல் ஒட்டும். ட, டி, டு என்று உயிர் மாறி வந்தாலும் இலக்கணம் வருக்க எதுகை என்று ஏற்றுக்கொள்ளும், காதும் ஓரளவு ஏற்கும். மடிக்கு விடி என்று அச்சாகவே ஒன்று அகப்பட்டதால் கடலை அந்த இடத்திலிருந்து எடுத்தோம்.

இதற்கு மறுதலையாக, தாளில் தவறுபோலத் தெரிந்து காதில் சரியாக விழுகிற எதுகையும் உண்டு. 'காத்து நின்றோம், பார்த்து நின்றோம்' என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அவளுடைய தோழி, "இதில ரண்டாம் எழுத்து ர் எல்லோ, பிழை" என்று சொல்லிவிட்டாளாம். பிழை இல்லை. ய், ர், ல், ழ் என்ற நான்கில் ஒன்று நடுவில் புகுந்துகொண்டால் அதை எண்ணாமல் விடலாம். அதற்கு ஆசிடை எதுகை என்று பெயர். அந்த ர் பேச்சில் அநேகமாகக் காணாமலே போய்விடுகிறது என்பதை யோசித்தால் விதி ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்கும். வரியை வேறு காரணத்துக்காகப் பிறகு வெட்டிவிட்டோம். தோழிக்கு மட்டும் விளக்கம் போய்ச் சேர்ந்தது.

கடைசியில் மேடைக்குப் போன கவிதை இது.

கயிறு இரண்டு கடலுக்குள்.
இந்தப் பக்கம் அப்பா,
அந்தப் பக்கம் பெரியப்பா.
வயிறு ஏழு வீட்டுக்குள்.

நேற்று வந்த சூடைக்கு விலை இல்லை.
காற்று இன்று கச்சான் என்கிறார் பெரியப்பா.
அப்பா பேசவில்லை.

விடிகிறது.
மடி கரையைத் தொடுகிறது.
ஆளுக்காள் எட்டிப் பார்க்கிறோம்.
கொஞ்சம் நெத்தலி,
நடுவில் ஒரே ஒரு பாரை
துள்ளுகிறது.

பங்கு பிரிக்கிறார் சம்மாட்டி.
எங்கள் பையில்
அந்தப் பாரை இல்லை.

முதல் பத்தியில் கயிற்றுக்கும் வயிற்றுக்கும் இடையில் இரண்டு முழு வரி இருக்கிறது. இவ்வளவு தூரம் எதுகை தாங்குமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. சொல்லிக் கேட்டபோது தாங்கியது. காரணம், இது தலையாகு எதுகை: முதல் எழுத்தைத் தவிர மற்ற எல்லாம் ஒன்று, யிறு, யிறு. எதிரொலி பெரிதாக இருக்கும்போது தூரத்திலிருந்தாலும் கேட்கும். கடைசிப் பத்தியில் பங்கு, எங்கள் என்பதில் ஒன்றுவது ங்க மட்டும். அதற்குப் பிறகு சொற்கள் பிரிந்துவிடுகின்றன. ஆகவே அவை அடுத்தடுத்த வரிகளிலேயே இருக்க வேண்டும். நடுவில் இன்னொரு வரியைச் செருகிப் பார்த்தாள், எதுகை காணாமல் போய்விட்டது. நான்கு சீர் கொண்ட அடிகளில் ஒவ்வொரு நான்கு சீருக்கும் எதுகை திரும்பி வந்துவிடும்; புதுக்கவிதையில் அந்த இடைவெளியை நாமே அளந்து வைக்க வேண்டியிருக்கிறது. ஒற்றை எழுத்து எதுகை என்றால் ஐந்தாறு சொல்லுக்குள், முழுச்சொல் எதுகை என்றால் இன்னும் கொஞ்சம் தள்ளி. இது நான் காதால் வைத்த கணக்கு.

இந்த, அந்த என்பதும் எதுகைதான் என்பதை அவள் கவிதை முடிந்த பிறகுதான் கண்டுபிடித்தாள். தேடி எழுதியது இல்லை. அங்கே, இங்கே, எங்கே. அப்படி, இப்படி, எப்படி என்று நம் சுட்டுச் சொற்கள் எல்லாம் பிறவியிலேயே எதுகை. தமிழில் பேச்சு தானாகவே பாட்டாகிற இடங்களில் பாதி இதனால்தான் என்று நினைக்கிறேன். இந்த வகை எதுகைக்குப் பெரிய பலம் கிடையாது, ஆனால் இரண்டு கயிற்றுக்கும் நடுவே கடற்கரையின் இரண்டு பக்கத்தையும் காட்ட அது போதுமாக இருந்தது.

மூன்றாம் பத்தியில் மடி கரையைத் தொட்ட பிறகு எதுகையே இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அவளுக்கு அது குறையாகப் பட்டது. நெத்தலிக்கு என்ன வரும் என்று சுத்தி, கத்தி, பத்தி எல்லாம் எழுதி வைத்திருந்தாள். நான் சம்மதிக்கவில்லை. மடிக்குள் என்ன இருக்கிறது என்று எல்லாரும் எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஒலி வேலை காட்டினால் கேட்பவரின் கவனம் மீனை விட்டு வார்த்தைக்குப் போய்விடும். அந்த நான்கு வரி வெறுமனே இருப்பதால்தான் அடுத்து வருகிற பங்கு, எங்கள் காதில் படுகிறது.

பிறகு ஒப்புவிக்கும் வேலை. இதில் பட்ட பாடு எழுதுவதைவிட அதிகம்.

எதுகைச் சொல் வந்தவுடன் பிள்ளைகள் அதன்மீது ஏறி நிற்பார்கள். குரல் உயரும், கை நீளும், 'வயிறூ' என்று இழுபடும். தொட்டுக் காட்டாவிட்டால் நடுவருக்குத் தெரியாது என்ற பயம். உண்மையில் எதுகைக்கு அழுத்தம் கொடுக்கத் தேவையே இல்லை. அதற்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்தம் கொடுத்தால் போதும். நிறுத்தத்துக்குப் பிறகு வருகிற முதல் சொல்லைக் காது எப்படியும் கூர்ந்துதான் கேட்கும். 'அந்தப் பக்கம் பெரியப்பா' என்று முடித்து, ஒரு மூச்சு விட்டு, சாதாரணக் குரலில் 'வயிறு ஏழு வீட்டுக்குள்' என்றால் அது போய்ச் சேர்ந்துவிடும்.

அழுத்தம் கொடுக்க வேண்டியது இரண்டாம் எழுத்துக்கு இல்லை, முதல் எழுத்துக்குத்தான். ஒத்து வருகிற ஒலி தன்பாட்டில் கேட்டுக்கொள்ளும். மாறி வருகிற எழுத்துத்தான் மண்டபத்தில் தொலைந்துபோவது. ஒலிவாங்கிக்கு அருகில் நின்று வேகமாகச் சொன்னால் பங்கு என்பதில் பகரமும், வயிறு என்பதில் வகரமும் பாதிதான் கேட்கும். இரண்டு உதடும் சேர்ந்து திறப்பது ப. கீழுதடு மேற்பல்லைத் தொடுவது வ. கண்ணாடி முன் நின்று உதட்டைப் பார்த்துக்கொண்டே சொல்லச் சொன்னேன். அவளுடைய அம்மாவுக்கு இது பெரிய சிரிப்பு.

வரியைச் சேர்த்துச் சொல்வதிலும் ஒரு பொறி இருக்கிறது. 'பங்கு பிரிக்கிறார் சம்மாட்டி' என்பதையும் 'எங்கள் பையில்' என்பதையும் நிறுத்தாமல் சேர்த்துவிட்டால் 'சம்மாட்டியெங்கள்' என்று யகரம் உள்ளே வந்துவிடும். அப்போது எங்கள் என்பது வரியின் முதல் சொல்லாக இல்லாமல் போய், எதுகையும் போய்விடும். உயிரெழுத்தில் தொடங்குகிற வரிகள் எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. அவ்விடத்தில் நிறுத்தம் கட்டாயம் என்று கொப்பியில் ஒரு கோடு போட்டுக்கொண்டாள்.

கயிறு இழுப்பதுபோல் கையை ஆட்டலாமா என்று ஒரு பெரிய விவாதம் வீட்டில் நடந்தது. ஆட்டவில்லை.

போட்டியில் இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் போனது, தாய்மொழியைப் பற்றி அடித்துப் பேசிய ஒரு மாணவனுக்கு; அவனுக்கு நல்ல குரல். நடுவர்களில் ஒருவர் இவளைக் கூப்பிட்டு, "கவிதை நல்லது, ஆனா எதுகை மோனை கொஞ்சம் சேர்த்திருக்கலாம் மகள்" என்று சொன்னாராம். வீட்டில் அம்மாவுக்குக் கோபம், என் தம்பிக்கு, அதாவது அவளுடைய அப்பாவுக்கு, வெற்றிச் சிரிப்பு. புதுக்கவிதைக்கு இதெல்லாம் தேவையில்லை என்று ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். எனக்கு இதில் ஒரு தரப்பையும் எடுக்க விருப்பம் இல்லை. காதில் உறுத்தாமல் வேலை செய்தது என்று ஒரு பக்கம் சொல்லலாம். ஒலிவாங்கி சரியில்லை என்றும் சொல்லலாம். நான் பின்னால்தான் இருந்தேன், கரகரவென்றுதான் கேட்டது.

இப்போது அடுத்த கவிதை தொடங்கியிருக்கிறாள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றி. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வெந்நீரையும் தண்ணீரையும் எதுகையாக வைக்கலாமா என்று கேட்கிறாள். வெ, த இரண்டும் குறில். இரண்டாம் எழுத்து ஒன்றில் ந், மற்றதில் ண். எழுத்து வேறு, ஆனால் இரண்டும் மெல்லினம் என்பதால் இன எதுகை என்று இலக்கணம் இடம் கொடுக்கும். வெந்நீர் என்பதைச் சொல்லும்போது அந்த ந் கிட்டத்தட்ட ன் போலத்தான் விழுகிறது. தண்ணீரின் ண் நாக்கை மடித்துச் சொல்ல வேண்டியது. மடித்துச் சொன்னால் இரண்டும் விலகிப் போகின்றன. மடிக்காமல் விட்டால் உச்சரிப்புக்குப் புள்ளி வெட்டுவார்கள். இரண்டையும் அடுத்தடுத்த வரியின் தலையில் வைத்து, அறைக்கு வெளியே நின்று தம்பியைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். எதுகை பிடிக்காத காதுக்கே அது கேட்டால் வைத்துக்கொள்ளலாம்.